No bootable device: மூன்று புகைப்படங்களில் தெரிந்த ஒரு டிஸ்க்கின் நிலை

லேப்டாப் பூட் ஆகவில்லை என்று உதவி கேட்ட ஒருவரிடமிருந்து வந்த முதல் படம் இது. ஸ்கிரீன்ஷாட் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் கம்ப்யூட்டர் பூட் ஆவதற்கு முன் வரும் திரையை அந்தக் கம்ப்யூட்டராலேயே படம் பிடிக்க முடியாது. மொபைலில் எடுத்த போட்டோவாகத்தான் இருக்கும். கொஞ்சம் சாய்ந்து, மேல் பகுதி வெட்டுப்பட்டு, நடுவில் டியூப்லைட் வெளிச்சம் அடித்துக்கொண்டு இருந்தது. படிக்க முடிந்த வரிகள் இவை:

```
PXE-E61: Media test failure, check cable
PXE-M0F: Exiting PXE ROM.

No bootable device -- insert boot disk and press any key
```

கூடவே ஒரு கேள்வி: "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சா அண்ணா? கேபிளைப் பாருன்னு வேற போட்டிருக்கு, கழட்டிப் பார்க்கட்டுமா?"

கழற்ற வேண்டாம் என்பதுதான் முதல் பதில். முதல் வரியில் இருக்கும் `check cable` டிஸ்க்கின் கேபிளைப் பற்றியதே இல்லை. பிஎக்ஸ்இ என்பது நெட்வொர்க் வழியாக பூட் ஆகும் முறை. லேப்டாப்பின் நெட்வொர்க் கார்டு, "எனக்கு லேன் கேபிள் செருகப்படவில்லை, அதனால் நெட்வொர்க்கிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை" என்று சொல்கிறது. லேன் கேபிள் செருகாத எந்த லேப்டாப்பிலும் நெட்வொர்க் பூட் முயற்சி இப்படித்தான் முடியும். இந்த வரியை நம்பி அடிமூடியைத் திறந்து, நன்றாக இருந்த டிஸ்க் இணைப்பை அசைத்து, இல்லாத கோளாறை உண்டாக்கிக்கொண்டவர்கள் உண்டு.

அடுத்தது கடைசி வரி. இதைச் சொல்வது யார் என்று பார்க்க வேண்டும். இது விண்டோஸ் சொல்வதும் இல்லை, டிஸ்க் சொல்வதும் இல்லை. மதர்போர்டில் இருந்துகொண்டு, ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரல் சொல்வது. அதன் கையில் ஒரு பூட் வரிசை இருக்கிறது: முதலில் இது, அப்புறம் அது என்று. வரிசையில் உள்ள ஒவ்வொன்றையும் முயன்று, எதுவும் பூட் ஆகாமல் கடைசி வரை வந்துவிட்டால் இந்த வாக்கியத்தைக் காட்டும். "நான் எதிர்பார்க்கும் வடிவத்தில் பூட் ஆகக்கூடியது எதுவும் கிடைக்கவில்லை" என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. டிஸ்க் செத்திருந்தாலும் இதே வரி. டிஸ்க் நன்றாக இருந்து, பயாஸ் தவறான வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்தாலும் இதே வரிதான்.

வேறு வரி வந்திருந்தால் கதையே வேறு. `Missing operating system` என்று வந்தால், அதை எழுதியது பெரும்பாலும் டிஸ்க்கின் முதல் செக்டரில் இருக்கும் சின்ன நிரல். அந்த 512 பைட்டையாவது டிஸ்க் படித்துக் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். `BOOTMGR is missing` என்றால் இன்னும் ஒரு படி உள்ளே போயாகிவிட்டது. பார்ட்டிஷனின் தொடக்கம்வரை படித்தாயிற்று. `grub rescue>` என்று வந்தாலும் அப்படித்தான்: டிஸ்க்கிலிருந்து வந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு வேண்டிய அடுத்த பகுதி மட்டும் கிடைக்கவில்லை. பார்க்கப் பயமாக இருக்கும் இந்த வரிகள்தான் டிஸ்க் உயிரோடு இருப்பதற்கு நல்ல சாட்சிகள். நமக்கு வந்த படத்தில் அந்த அளவு சாட்சி இல்லை. டிஸ்க் பற்றி அது வாயே திறக்கவில்லை.

ஆனால் டிஸ்க்கைப் பற்றிச் சொல்லாத அந்தப் படம் இன்னொன்றைச் சொன்னது. `PXE-E61`, `Exiting PXE ROM` என்ற வாசகங்கள் பழைய லெகசி முறையில் ஓடும் நெட்வொர்க் நிரலுக்கு உரியவை. புதிய யூஇஎஃப்ஐ முறையில் நெட்வொர்க் பூட் முயன்றால் பெரும்பாலும் `>>Start PXE over IPv4` என்ற மாதிரி வரும். ஆக, இந்த லேப்டாப் இப்போது லெகசி முறையில் பூட் ஆக முயல்கிறது. இது உறுதியான ஆதாரம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு முறைகளையும் கலந்து வைத்திருக்கும் அமைப்புகளில் யூஇஎஃப்ஐ லேப்டாப்பிலும் இந்த வரிகள் வரலாம். ஆனாலும் நல்ல துப்பு.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். லெகசி முறையில் பயாஸ் டிஸ்க்கின் முதல் செக்டரைப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டுகள் `55 AA` என்று இருந்தால், அங்கே உள்ள நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். அந்த நிரல் பார்ட்டிஷன் அட்டவணையில் "ஆக்டிவ்" என்று குறிக்கப்பட்ட பார்ட்டிஷனைத் தேடிப் போகும். யூஇஎஃப்ஐ முறையில் இது எதுவும் கிடையாது. டிஸ்க்கில் ஃபேட்32 வடிவத்தில் ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும். அதற்குள் `\EFI\Microsoft\Boot\bootmgfw.efi` என்ற கோப்பு இருக்கும். மதர்போர்டில் இருக்கும் நிரலான ஃபர்ம்வேர் நேராக அந்தக் கோப்பைத் திறந்து ஓட்டும். யூஇஎஃப்ஐ முறையில் நிறுவிய விண்டோஸ், ஜிபிடி என்ற அட்டவணை உள்ள டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கும். அந்த டிஸ்க்கின் முதல் செக்டரில் பாதுகாப்புக்காக ஒரு போலி அட்டவணை மட்டும் இருக்கும்: "இந்த டிஸ்க் முழுவதும் ஒரே பார்ட்டிஷன், தொடாதே" என்று பழைய மென்பொருள்களுக்குச் சொல்வதற்காக. அதில் ஆக்டிவ் பார்ட்டிஷன் எதுவும் குறிக்கப்பட்டிருக்காது. லெகசி முறையில் வந்த பயாஸுக்கு அதிலிருந்து பூட் செய்ய எதுவும் கிடைக்காது. பழுதே இல்லாத டிஸ்க்கில் இந்தத் திரை வருவதற்கு இது ஒரு வழி.

ஆகவே இரண்டு சாத்தியங்கள். ஒன்று, டிஸ்க் கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு, டிஸ்க் இருக்கிறது, பூட் முறை மாறிவிட்டது. இதைப் பிரிக்க ஒரே ஒரு படம் போதும்: பயாஸ் செட்டப்பின் முதல் பக்கம். அதைக் கேட்டேன்.

வந்தது வேறு படம். நான் கேட்ட படத்தை எடுப்பதற்குள் அவர் வேறு யாரோ சொன்னதைக் கேட்டு, விண்டோஸ் நிறுவும் பென் டிரைவைச் செருகி, புதிதாக நிறுவ ஆரம்பித்திருந்தார். அதில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரையில் நின்றுகொண்டு, "இது என்ன எரர், டெலிட் கொடுத்துடட்டுமா?" என்று கேட்டிருந்தார். கீழே இருந்த வரி:

```
Windows cannot be installed to this disk. The selected disk is of the GPT partition style.
```

டெலிட் கொடுக்க வேண்டாம், அப்படியே பவரை அணைத்துவிடுங்கள் என்று உடனே சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் திரையில் பார்ட்டிஷன்களை அழிப்பதற்கு ஒரு கேள்வி கேட்டு ஒரு ஓகே வாங்கினால் போதும், அவ்வளவு எளிது. இந்தப் பிரச்சினையில் தரவு போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். டிஸ்க் கெட்டதால் இல்லை, டிஸ்க் கெட்டது என்று நம்பியதால்.

ஆனால் அந்தப் படம் ஒரு புதையல். நிதானமாகப் படித்தால், முதல் படம் சொல்லாமல் விட்ட எல்லாவற்றையும் அது சொல்லிவிட்டது. டிஸ்க் பட்டியலில் இருக்கிறது. அப்படியானால் மின்சாரமும் இணைப்பும் சரி. டிஸ்க்கின் அட்டவணை ஜிபிடி என்று இன்ஸ்டாலர் தெளிவாகப் படித்துச் சொல்கிறது. அப்படியானால் டிஸ்க்கின் தொடக்கப் பகுதி படிக்க முடிகிறது. இந்த எரர் வருவதே இன்ஸ்டாலர் லெகசி முறையில் பூட் ஆனதால்தான். யூஇஎஃப்ஐ முறையில் வந்திருந்தால் ஜிபிடி டிஸ்க்கைப் பற்றிக் குறை சொல்லியிருக்காது. முதல் படத்தில் துப்பாக இருந்தது இங்கே உறுதியாகிவிட்டது.

இன்னும் ஒன்று உண்டு, பலர் கவனிக்காதது. பட்டியலில் மூன்று பார்ட்டிஷன்கள் தெரிந்தன: 100 எம்பியில் `System`, 16 எம்பியில் `MSR (Reserved)`, மீதி முழுவதும் `Primary`. 100 எம்பி உள்ள அந்த முதல் பார்ட்டிஷன்தான் யூஇஎஃப்ஐ தேடும் ஃபேட்32 பகுதி. அது இருக்கிறது. பெரிய பார்ட்டிஷனுக்கு நேராக மொத்த அளவு 465 ஜிபிக்குப் பக்கத்தில் ஒரு எண், காலியிடம் அதில் பாதிக்கும் குறைவாக ஓர் எண். 500 ஜிபி என்று விற்கும் டிஸ்க்கை விண்டோஸ் 465 என்றுதான் காட்டும். இது குறைபாடு இல்லை, எண்ணும் முறையில் உள்ள வேறுபாடு. காலியிடம் மொத்த அளவைவிடக் குறைவாக, நம்பும்படியான எண்ணாக இருப்பதுதான் முக்கியம். இன்ஸ்டாலர் அந்த ஃபைல் சிஸ்டத்தைத் திறந்து, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறது. அவருடைய கோப்புகள் இருக்கும் பகுதி குறைந்தபட்சம் மேலோட்டமாகப் படிக்க முடிகிறது என்பதற்கு இது சாட்சி.

இப்போது மூன்றாவது படம், நான் முதலிலேயே கேட்டது. செட்டப்பின் முதல் பக்கம். டிஸ்க்கின் மாடல் பெயர் முழுதாக, சரியாக இருந்தது. பூட் மோடு என்ற இடத்தில் `Legacy`. அதற்கு மேலே தேதி: 01/01/2012. நேரம்: 01:12.

சார்ஜரை எப்போது செருகினீர்கள் என்று கேட்டேன். "ஒரு மணி நேரம் இருக்கும்" என்றார். அதற்கு முன்? அலமாரியில் பல மாதமாகச் சும்மா இருந்த லேப்டாப் அது. "நான் ஒண்ணுமே பண்ணலை, சும்மா ஆன் பண்ணேன்" என்று அவர் ஆரம்பத்தில் சொன்னது உண்மைதான். பெரிய பேட்டரி வடிந்துவிட்டது. மதர்போர்டில் கடிகாரத்தையும் செட்டப் விவரங்களையும் காப்பாற்றும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. சார்ஜர் செருகியதும் கடிகாரம் ஆரம்பத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. செட்டப்பும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியது. இந்தத் தலைமுறை லேப்டாப்பில் அந்த நிலை லெகசி. பிற்பாடு விண்டோஸ் 10 நிறுவியவர் அதை யூஇஎஃப்ஐ என்று மாற்றி நிறுவியிருக்கிறார். அந்த மாற்றம் பேட்டரியோடு போய்விட்டது. எல்லா லேப்டாப்பும் இப்படி இல்லை. புதியவற்றில் பல, செட்டப் விவரங்களை பேட்டரி இல்லாமலே நிற்கும் ஃப்ளாஷ் நினைவகத்தில் வைக்கின்றன. அவற்றில் தேதி மட்டும் போகும்.

இதே பக்கத்தில் என்ன தெரிந்திருந்தால் நான் டிஸ்க்கைச் சந்தேகித்திருப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் `Not Detected` அல்லது `None` என்று இருந்தால், டிஸ்க், அதன் இணைப்பு, அதைச் செருகும் போர்ட் ஆகிய மூன்றில் ஒன்றில் கோளாறு. அப்போதுதான் மூடியைத் திறப்பதில் அர்த்தம் இருக்கிறது: ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்ப்பது, அப்புறம் அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது. பெயர் வந்து அளவு பொருந்தாமல் இருந்தால், டிஸ்க்குக்கு உள்ளேயே கோளாறு. எஸ்எஸ்டிகளில் இதற்கு ஒரு பிரபலமான முகம் உண்டு: வாங்கிய பிராண்டின் பெயர் மறைந்து அந்த இடத்தில் `SATAFIRM S11` என்று வரும். கன்ட்ரோலர் தன் சொந்த ஃபர்ம்வேரை ஏற்ற முடியாமல் அவசர நிலையில் நிற்கிறது என்று பொருள். கேபிளை மாற்றுவதால் அது சரியாகாது.

போட்டோவில் வராத ஒன்றும் இருக்கிறது: நேரம். ஆன் செய்ததும் திரை சட்டென்று வந்ததா, இல்லை லோகோவில் அரை நிமிடம் திகைத்து நின்றுவிட்டு வந்ததா? சுழலும் டிஸ்க் தயாராகத் திணறினால் பயாஸ் காத்திருக்கும். கூடவே கடக் கடக்கென்று சீராக ஒரு சத்தம் கேட்டால் அதற்கு மேல் முயற்சி செய்யாமல் அணைத்துவிடுவதுதான் தரவுக்கு நல்லது. இவரிடம் ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். தாமதமும் இல்லை, சத்தமும் இல்லை.

சரி, திருத்தம். பூட் மோடை `Legacy`யிலிருந்து `UEFI`க்கு மாற்றி, தேதியைச் சரிசெய்து, சேமித்து வெளியே வரச் சொன்னேன். பூட் வரிசையில் `Windows Boot Manager` தானாகவே வந்து நின்றது. விண்டோஸ் திறந்தது, கோப்புகள் இருந்த இடத்தில் இருந்தன. தேதியையும் மாற்றச் சொன்னதற்குக் காரணம், 2012இல் நிற்கும் கடிகாரத்தோடு உள்ளே போனால் பிரவுசர் பல தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று திறக்க மறுக்கும். அவர் அதை இன்னொரு கோளாறு என்று நினைப்பார்.

அந்த வரிசையில் `Windows Boot Manager` வராமல் போயிருந்தாலும் பெரிய கவலை இல்லை. பல ஃபர்ம்வேர்கள் `\EFI\BOOT\BOOTX64.EFI` என்ற பொதுவான இடத்தையும் தேடிப் பார்க்கும். விண்டோஸ் அங்கே ஒரு பிரதி வைத்திருக்கும். அதுவும் நடக்காவிட்டால், இந்த முறை யூஇஎஃப்ஐ முறையில் பென் டிரைவை பூட் செய்து, கமாண்ட் ப்ராம்ப்டில் 100 எம்பி பார்ட்டிஷனுக்கு `S:` என்று எழுத்துக் கொடுத்து, பூட் கோப்புகளை மட்டும் மறுபடி எழுதலாம்:

```
bcdboot C:\Windows /s S: /f UEFI
```

பென் டிரைவிலிருந்து வரும்போது விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷன் `C:` ஆக இல்லாமல் வேறு எழுத்தாக இருக்கலாம். `dir` கொடுத்துப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். இன்னொரு எச்சரிக்கை, டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டும் பிட்லாக்கர் போட்ட லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு: பூட் முறையையும் செக்யூர் பூட்டையும் தொட்டால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அதைக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொண்டு மாற்றங்களைத் தொடங்குவது நல்லது.

லேப்டாப் பூட் ஆனதும் வேலை முடிந்தது என்று அவர் நினைத்தார். எனக்கு அப்படி இல்லை. இதுவரை நாம் நிரூபித்தது, டிஸ்க்கின் தொடக்கமும் விண்டோஸ் உட்கார்ந்திருக்கும் பகுதிகளும் படிக்க முடிகிறது என்பது மட்டும். பல மாதம் சும்மா இருந்த, வயதான சுழலும் டிஸ்க் அது. முதலில் முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் பிரதி எடுக்கச் சொன்னேன். அப்புறம், டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளைப் படிக்க, லினக்ஸ் பென் டிரைவ் ஒன்றிலிருந்து இதை ஓட்டச் சொன்னேன்:

```
sudo smartctl -a /dev/sda
```

மேலே வரும் `PASSED` என்ற சொல்லை நான் அதிகம் மதிப்பதில்லை. டிஸ்க் தனக்குத் தானே கொடுக்கும் சான்றிதழ் அது, திணறிக்கொண்டிருக்கும் டிஸ்க்கும் அதைக் கொடுத்துக்கொள்ளும். கீழே அட்டவணையில் இரண்டு வரிகளைப் பார்க்க வேண்டும்: எண் 5, `Reallocated_Sector_Ct`; எண் 197, `Current_Pending_Sector`. முதலாவது, கெட்டுப்போனதால் மாற்றி வைக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் திணறி, முடிவு தெரியாமல் காத்திருப்பவை. கடைசி நெடுவரிசையில் இரண்டுமே பூஜ்ஜியம். முழுப் பரப்பையும் படித்துப் பார்க்க `sudo smartctl -t long /dev/sda` கொடுத்தோம். 500 ஜிபி டிஸ்க்கில் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிழையில்லாமல் முடிந்தது.

பொத்தான் பேட்டரி தீர்ந்ததை உறுதி செய்ய அன்றிரவு சார்ஜரைக் கழற்றி வைக்கச் சொன்னேன். பெரிய பேட்டரியில் சார்ஜ் நிற்பதில்லை என்பதால் அது போதும். காலையில் ஆன் செய்ததும் அதே கருப்புத் திரை, உள்ளே அதே 2012. யூஇஎஃப்ஐ என்று மாற்றியதும் திரும்ப பூட் ஆனது. அப்புறம்தான் மூடியைத் திறக்கச் சொன்னேன், டிஸ்க்குக்காக இல்லை, அந்த பேட்டரிக்காக. லேப்டாப்களில் இது சில சமயம் சும்மா செருகும் சிஆர்2032 ஆக இருக்காது. இரண்டு கம்பி வைத்து உறையிட்ட ஒன்றாக இருக்கும். பழையதைக் கழற்றிப் பார்த்து, அதே இணைப்புள்ளதாகத்தான் வாங்க வேண்டும்.

அவருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு ஒன்றுதான். இந்தத் திரை மறுபடி வந்தால் முதலில் செட்டப்புக்குப் போய்த் தேதியைப் பார்க்க வேண்டும். தேதி தப்பாக இருந்தால் பூட் மோடை மாற்றினால் போதும். தேதி சரியாக இருந்து, மோடும் `UEFI` என்றே இருந்து, அப்போதும் இந்தத் திரை வந்தால், அன்றைக்குச் சந்தேகம் டிஸ்க் மேல்தான். வேறு எதையும் அழுத்தாமல் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.